பலகைக்குப் பின்னால் இருப்பதையும் படமெடுங்கள்

பழைய வீடுகளின் முகப்புகளைப் படமெடுத்துத் தொகுத்துவரும் நம் குழுவின் இளம் நண்பர்களுக்கு,

கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளை எடுத்து நீங்கள் கொடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டு நிதானமாகப் பார்த்தேன். வெளிச்சமும் கோணமும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஒரு படத்தில் சுண்ணாம்புச் சுவரில் ஓடும் ஒரு வெடிப்பு, ஒரு முழம் தள்ளி அதே வளைவோடு இன்னொரு முறை ஓடுகிறது. வேறொன்றில் ஜோடி ஜன்னல்களில் ஒன்றுக்கு ஏழு கம்பி, மற்றதற்கு ஐந்தரைக் கம்பி. வாசலில் நின்ற வண்டியையும் தெருவோரத்துப் பலகையையும் குளோன் கருவியால் பக்கத்துச் சுவரை எடுத்துப் பூசி மறைத்திருக்கிறீர்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மறைத்ததைப் பற்றி எனக்குக் குறையில்லை. அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. குளோன் கருவிக்கு வண்டிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பதையே மறுபடி வைக்கும். நாம் செய்வது வீடுகளின் ஆவணம். அதில் இல்லாத வெடிப்பும் இல்லாத கம்பியும் இருக்கக்கூடாது. அதே இடத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து, உண்மையில் அங்கே இருந்த சுவரை எடுத்து வைக்க வழி இருக்கிறது. அதை விளக்கவே இந்த மடல்.

மறைப்பவை இரண்டு வகை: தானாக நகர்ந்துபோவது, நகராதது. முன்னதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்.

வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை நிற்கிறது, சாமான் இறக்குகிறார்கள். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். வண்டி கிளம்பும்வரை எதையும் தொடாமல் இருந்து இன்னொன்று எடுங்கள். எதையும் என்றால் ஜூம், ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாம்தான். நான்கையும் மேனுவலில் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் வெள்ளை வண்டி போனதும் சுவர் ஒரு படி வெளுத்துவிடும், ஏனென்றால் கேமரா வண்டியின் வெள்ளையையும் சேர்த்துத்தான் முன்பு கணக்குப் போட்டிருந்தது. வண்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதாது. அதன் நிழலும், பளபளப்பான தகடு சுவரில் அடித்த வெளிச்சமும் வண்டியோடு போக வேண்டியவை. சிவப்பு வண்டி என்றால் அடிச்சுவரில் அரை மீட்டர் தூரத்துக்கு ஒரு செம்மை படிந்திருக்கும், மாஸ்க் அதையும் தாண்டித்தான் வர வேண்டும்.

இதில் ஒரே எதிரி நேரம். சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்கிறது. நம் ஊரில் காலை வேளையில் ஏறக்குறைய நேராக மேலேறுவதால், பத்து நிமிடத்தில் அதன் உயரம் இரண்டரைப் பாகை கூடிவிடும். ஒரு மீட்டர் நீட்டிய இறவாரம், சூரியன் 45 பாகையில் நேர் எதிரே இருக்கும்போது, சுவரில் ஒரு மீட்டர் நிழல் போடும். பத்து நிமிடம் கழித்து அந்த நிழல் 9 செ.மீ. இறங்கியிருக்கும். இரண்டு படங்களையும் ஒட்டினால் நிழல்கோடு ஒட்டிய இடத்தில் படி போல உடையும். ஆகவே வண்டி உடனே போகாது என்று தெரிந்தால் முதல் படத்தை நம்பி இருக்காதீர்கள். வண்டி போனபின் மறுபடி முழுப்படமே எடுத்துவிடுங்கள், ஒட்டும் வேலையே மிச்சம். மூட்டம் போட்ட நாளில் நிழல்கோடு இல்லை, அரை மணி நேரம்கூடக் காத்திருக்கலாம்.

வண்டிகள் விடாமல் போய்வரும் தெருவில் இரண்டு படம் போதாது. ட்ரைபாடை அசைக்காமல் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் நடுமதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரே வரி:

```
magick frame_*.tif -evaluate-sequence median clear.tif
```

எந்த இடமானாலும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்திருந்தால்தான் இது பலிக்கும். சிக்னலில் வரிசையாக நிற்கும் பேருந்துகளிடம் பலிக்காது.

இனி நகராத வகைக்கு வருகிறேன். உங்களில் பலர் குளோன் கருவியைத் தேடிப் போனது இங்கேதான்.

உங்கள் படங்களில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் பெயர் வேண்டாம். கிழக்குப் பார்த்த நீண்ட முகப்பு, நடுவில் வாசல், இருபக்கமும் திண்ணை, திண்ணை விளிம்பில் தூண் வரிசை, அதற்கு இரண்டு மீட்டர் உள்ளே தள்ளிக் கதவும் ஜன்னல்களும் உள்ள சுவர். கேமரா தூண் வரிசையிலிருந்து 12 மீட்டர் தள்ளி, வாசலுக்கு நேரே. 24 மி.மீ. லென்ஸ், முழு அளவு சென்சார். அந்தத் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் 18 மீட்டர் முகப்பு அடங்குகிறது. கேமராவுக்கு முன்னால் 4 மீட்டரில், தெருவின் நம் பக்கத்து ஓரத்தில், இரண்டு சவுக்குக் கம்புகளில் கட்டிய ஒரு மீட்டர் அகல ஃபிளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. காரியம் முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கலாம். ஆனாலும் அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டுப் படமெடுக்கும் யோசனை யாருக்கும் வேண்டாம். இறந்தவர் முகம் அது, வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதைத் தாண்டி முன்னால் போய்ப் படமெடுத்தால் என்ன? போனால் வீடு 8 மீட்டருக்குள் வந்துவிடும். லென்ஸுக்குள் அடங்குவது 12 மீட்டர் முகப்புத்தான், இரண்டு ஓரமும் வெட்டுப்படும். பக்கத்தில் தள்ளி நின்றால் வாசல் நடுவில் வராது, தூண் வரிசையின் சீர் கெடும். ஆகவே முதல் படம் இங்கிருந்துதான். பலகை மறைத்த சுவரை மட்டும் இன்னொரு படத்தில் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு நகர வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பலகையின் அகலத்தை வீட்டின் தூரத்தால் பெருக்கி, வீட்டுக்கும் பலகைக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுங்கள். இங்கே ஒன்றைப் பன்னிரண்டால் பெருக்கி எட்டால் வகுக்க, ஒன்றரை மீட்டர். நல்ல இரண்டு தப்படி. அதைவிடக் கொஞ்சம் கூடவே போனால் ஓரங்களில் தாராளம் கிடைக்கும், ஆனால் கணக்குக்கு ஒன்றரை என்றே வைப்போம். அதே பலகை தூண் வரிசைக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றிருந்தால் விடை 12 மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு சாய்விலிருந்து எடுத்த சுவரைத் திருப்பி ஒட்டினால் அது மங்கிப்போய்த் தனியாகத் தெரியும். சுவரிலேயே ஆணியடித்த பலகைக்குப் பின்னால் எதையும் இந்த வழியில் பார்க்க முடியாது. அங்கே பலகையோடுதான் படம், அதுவும் அந்த வீட்டின் இன்றைய நிலைதானே.

இப்போது கோணம் மாறிவிட்டதே, படங்கள் எப்படிப் பொருந்தும்? ஒரு தட்டையான பரப்பை எங்கிருந்து எடுத்தாலும், அதில் நான்கு புள்ளிகளை முதல் படத்தின் அதே நான்கு புள்ளிகளோடு பொருத்திவிட்டால், நடுவில் உள்ள எல்லாமே தானாகப் பொருந்திவிடும். லென்ஸின் வளைவை மட்டும் முதலிலேயே இரண்டு படங்களிலும் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் தட்டையான பரப்பு என்பதுதான் இங்கே முக்கியம். நம் வீட்டு முகப்பு ஒரு தளம் அல்ல. தூண் வரிசை ஒரு தளம், திண்ணைச் சுவர் இன்னொன்று, தெரு மூன்றாவது. தூண்களைப் பொருத்தினால் இரண்டு மீட்டர் உள்ளே இருக்கும் கதவு 21 செ.மீ. விலகி நிற்கும், ஏறக்குறைய ஒரு சாண். படத்தின் அகலம் 6000 பிக்சல் என்றால் 70 பிக்சல். சாஃப்ட்வேர் தானாகவே பொருத்தித் தரும் என்று விட்டுவிடுகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். அது ஏதோ ஒரு தளத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும், அல்லது இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்து இரண்டையும் கெடுக்கும்.

அதனால் தளத்துக்கு ஒரு நகல். ஜிம்ப்பில் செய்யும் முறையைச் சொல்கிறேன், இலவசம் என்பதால். முதல் படத்தைத் திறந்து, இரண்டாவதை Open as Layers வழியாக மேலே கொண்டுவாருங்கள். அந்த லேயரின் Mode-ஐ Difference என்று மாற்றினால், பொருந்திய இடமெல்லாம் கறுத்துவிடும், பொருந்தாத விளிம்புகள் வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். கருவிகளில் Handle Transform என்று ஒன்று இருக்கிறது. திண்ணைச் சுவரிலேயே நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அதன் பிடிகளை வையுங்கள். கதவு நிலையின் மேல் மூலைகள் இரண்டு, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டு என்பதுபோல, பலகை மறைத்த இடத்தைச் சுற்றி அகலமாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் முதல் படத்தின் அதே மூலைக்கு இழுத்துச் சேருங்கள். சுவர் முழுக்கக் கறுத்துவிட்டது, தூண்கள் மட்டும் இரட்டைக் கோடாக மின்னுகின்றன என்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். சுவரிலேயே ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் மின்னினால், நான்கு புள்ளிகளில் ஒன்றைச் சுவரை விட்டு வெளியே, தூணிலோ படியிலோ வைத்திருக்கிறீர்கள்.

இரண்டாம் படத்தின் இன்னொரு நகலை எடுத்து, இதேபோலத் தூண் வரிசைக்குப் பொருத்துங்கள். பிறகு அடுக்கை மாற்றி, Mode-ஐப் பழையபடி Normal ஆக்குங்கள். முதல் படம் எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளை மாஸ்க்கோடு. அதற்குக் கீழே தூண்களுக்குப் பொருத்திய நகல், தூணும் கைப்பிடிச் சுவரும் தவிர மற்றதெல்லாம் மாஸ்க்கில் மறைத்து. அடியில் திண்ணைச் சுவருக்குப் பொருத்திய நகல். முதல் படத்தின் மாஸ்க்கில் ஃபிளெக்ஸின் மேல் கறுப்புத் தூரிகையை ஓட்டினால், அந்த ஓட்டை வழியாகத் தூணும் அதற்குப் பின்னால் கதவும் தத்தம் இடத்தில் தெரியும்.

தெரியும், ஆனால் முழுமையாக அல்ல. பக்கவாட்டில் நகர்ந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு தூணும் சுவரில் வேறொரு இடத்தை மறைக்கிறது. நம் கணக்கில் அது 25 செ.மீ. தள்ளிப்போயிருக்கும். அதாவது அடியில் வைத்த நகலில், தூணை ஒட்டி ஒரு பக்கம் ஒரு பட்டை அகலத்துக்குச் சுவருக்குப் பதில் தூணே நிற்கும். அந்தப் பட்டையை எங்கிருந்து எடுப்பது? எதிர்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் நகர்ந்து எடுத்த படத்தில் அந்தப் பட்டை திறந்திருக்கும். அதனால்தான் எப்போதும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எடுத்துவரச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபின் அந்த ஒரு சாண் பட்டைக்காக மறுபடி பேருந்து ஏற முடியாது.

ஒட்டும் கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சுவரின் நடுவில் போடாதீர்கள். தூணின் விளிம்பு, கதவு நிலை, ஜன்னல் சட்டம் என்று ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் இடத்தில் போடுங்கள். அங்கே தூரிகையின் விளிம்பு இரண்டு மூன்று பிக்சல் மென்மையாக இருந்தால் போதும். வேறு வழியே இல்லாமல் வெறும் சுவரில் ஒட்ட நேர்ந்தால் மட்டும் அகலமான, மிக மென்மையான தூரிகை.

தரைக்கு வருவோம். சவுக்குக் கம்புகளின் அடி மறைத்தது தார்ச்சாலையை. முறைப்படி தெருவுக்கும் ஒரு நகல் செய்து, சாலையின் ஓரக்கல்லையும் சாக்கடை மூடியையும் வைத்துப் பொருத்த வேண்டும். ஆனால் கை அகலக் கம்பு மறைத்த வெறும் தாருக்கு அவ்வளவு பாடு வேண்டாம் என்பேன், அங்கே மட்டும் குளோன் கருவிக்கு அனுமதி. வாசலில் கோலம் இருந்தால் அனுமதி இல்லை.

நிழலை நீங்கள் மறந்துவிடுவீர்கள், எல்லோரும் மறப்பதுதான். வண்டி போனால் அதன் நிழலும் போய்விடுகிறது. பலகை போகவில்லை, நாம்தான் நகர்ந்தோம். ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் அதன் நிழல் அதே இடத்தில் விழுந்தபடியேதான் இருக்கும். கிழக்குப் பார்த்த வீட்டில், சூரியன் 20 பாகையில் இருக்கும் காலை நேரத்தில், மூன்று மீட்டர் உயர ஃபிளெக்ஸின் நிழல் எட்டு மீட்டரைத் தாண்டி வாசற்படி வரைக்கும் போய்விடும். பலகை இல்லாத படத்தில் பலகையின் நிழல் மட்டும் படியேறும். சூரியன் 45 பாகைக்கு ஏறியதும் அதே நிழல் மூன்று மீட்டராகச் சுருங்கிச் சாலையோடு நின்றுவிடும், மூட்டம் போட்டால் இல்லவே இல்லை. இந்த வகைப் படத்துக்கு விடியற்காலை ஒளியின் மீது உள்ள மோகத்தை விட்டுவிடுங்கள்.

நிறத்தைக் கடைசியில் சரிபார்க்கலாம். இரண்டு படங்களிலும் தெரிகிற ஒரே சுவரின் ஒரே இடத்தை நிறமெடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். முதல் படத்தில் 214, 204, 186, இரண்டாவதில் 198, 194, 186 என்று வந்தால், நீலம் அப்படியே இருக்கச் சிவப்பும் பச்சையும் குறைந்திருக்கின்றன, மேகம் வந்து போயிருக்கிறது என்று பொருள். Curves-இல் அந்த இரண்டு நிறங்களை மட்டும், அடியில் உள்ள நகலில் மட்டும், ஏற்றுங்கள். முதல் படத்தைத் தொடாதீர்கள். பிறகு நூறு சதவீத அளவில் பெரிதாக்கி, ஒட்டிய இடத்தைக் கடந்துபோகும் கோடுகளைப் பின்தொடருங்கள்: கல் வரிசை, ஜன்னல் கம்பி, சுவர் வெடிப்பு. கோடு முறிந்தால் பொருத்தம் தப்பு. கோடு முறியாமல் மங்கினால், நகர்ந்து எடுத்த படத்தில் ஃபோகஸ் வேறு எங்கோ இருந்திருக்கிறது. மேலே ஓடும் மின்கம்பிகளுக்கு முதல் படத்தை மட்டுமே நம்புங்கள். அவை அருகில் இருப்பவை, எந்த நகலிலும் இடம் மாறித்தான் இருக்கும்.

கையிலேயே கேமராவைப் பிடித்து எடுப்பவர்களுக்கு ஒரு சிறு யோசனை. அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்க, தரையில் சாக்பீஸ் கோடு போதாது, உயரமும் சேர வேண்டும். அருகில் உள்ள மின்கம்பத்தின் விளிம்பு தூரத்து ஜன்னலின் எந்தக் கம்பியைத் தொடுகிறது, ஃபிளெக்ஸின் மேல் விளிம்பு தூணின் எந்த இடத்தை வெட்டுகிறது என்று முதல் படத்தில் பார்த்து வையுங்கள். கோட்டில் நின்றபடி இரண்டும் மறுபடி அப்படியே சேரும்போது உங்கள் கண் முன்பு இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. பழைய படம் ஒன்றை எடுத்த இடத்தைப் பல வருடம் கழித்துக் கண்டுபிடிக்கவும் இதுதான் வழி.

எங்கே இதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்திப் படத்தில் கூடாது. வேர்ல்ட் பிரெஸ் போட்டோ போன்ற போட்டிகள் படத்தில் எதையும் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்பதில்லை, பின்னால் இருந்தது உண்மைச் சுவர்தான் என்று வாதாடிப் பயனில்லை. அந்தத் தெருவில் அன்று அந்தப் பலகை இருந்தது என்பதும் ஒரு செய்தி. நாளைக்கு ஒருவர் இந்தப் படத்தின் காலத்தைத் தேடினால், வீட்டின் தூணைவிட அந்த ஃபிளெக்ஸில் உள்ள தேதிதான் அவருக்கு உதவும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொகுப்புக்குப் படம் அனுப்பும்போது, முடித்த படத்தோடு நேர் எதிரே எடுத்த முதல் படம், இடப்பக்கத்துப் படம், வலப்பக்கத்துப் படம் மூன்றையும் திருத்தாமல் அப்படியே சேர்த்து அனுப்புங்கள். படக்குறிப்பில் “முன்னால் இருந்த பலகை, அதே நாளில் எடுத்த வேறு படங்களைக் கொண்டு நீக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதுங்கள். வெடிப்பு இரண்டாகிப்போன அந்தப் படத்தை எடுத்தவர், வாசலில் வண்டி இல்லாத வேளையில் ஒருமுறை போய் அந்தச் சுவரை எடுத்துவந்துவிடுங்கள். அதுவரை அது தொகுப்பில் சேராது.

அன்புடன்,
உங்கள் குழுவில் வயதில் மூத்தவன்